உங்கள் கல்யாணம் பழைய நாமினியை அழித்துவிடும்... குழந்தை பிறந்தால் தானாகச் சேராது!

பி.எஃப் பணத்தைக் குடும்பத்தில் பிரித்து எழுதுவது எப்படி?

விவசாயக் குடும்பம் என்றாலும், வீட்டில் ஒருவராவது மில்லுக்கோ, பனியன் கம்பெனிக்கோ, சர்க்கரை ஆலைக்கோ வேலைக்குப் போவது இன்று சகஜம். அவர்கள் சம்பளத்தில் மாதா மாதம் பி.எஃப் பிடிக்கிறார்கள். 'நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் யாருக்கு, எவ்வளவு?' என்று கேட்டு இந்த முறை மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மூவரின் நிலைமையும் வேறு வேறு. ஆனால், மூன்றுக்கும் விடை ஒரே விதியில் இருப்பதால், ஒன்றாகவே பதில் சொல்கிறோம்.

கேள்வி: "உடுமலை பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். நான் 9 வருடமாக நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது, பி.எஃப் படிவத்தில் அம்மாவுக்கு 50 சதவிகிதம், படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு 50 சதவிகிதம் என்று எழுதிக் கொடுத்தேன். 5 வருடத்துக்கு முன்பு கல்யாணம் ஆனது. 3 வயதில் மகள் இருக்கிறாள். மனைவி இப்போது மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறார். பழைய நாமினேஷன் செல்லுமா? மனைவி, மகள், அம்மா, தம்பி நான்கு பேருக்கும் பிரித்து எழுத முடியுமா? பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன செய்வது?"

உங்கள் பழைய நாமினேஷன் செல்லாது. நீங்கள் தாலி கட்டிய அன்றே அது காலாவதியாகிவிட்டது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம், 1952-ன் 61-வது பத்தி இதைத் தெளிவாகச் சொல்கிறது. உறுப்பினருக்குத் திருமணம் ஆனதும் அவர் புதிதாக நாமினேஷன் கொடுக்க வேண்டும். திருமணத்துக்கு முன்பு கொடுத்தது செல்லாததாகக் கருதப்படும். யாரும் கடிதம் போட்டு ரத்து செய்ய வேண்டியதில்லை. மில் அலுவலகக் கோப்பில் அந்தத் தாள் பத்திரமாகவே இருக்கும். ஆனால், அதற்கு உயிர் இருக்காது.

தம்பிக்கு எழுதிய பாதியோ, அதற்கும் முன்பே செல்லாமல் போயிருக்கும். பி.எஃப் சட்டத்தில் 'குடும்பம்' என்பதற்குத் தனி விளக்கம் உண்டு. ஆண் உறுப்பினர் என்றால் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவியும் பிள்ளைகளும். அவ்வளவுதான். உடன்பிறந்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. குடும்பம் என்று ஒன்று இருக்கும்போது, அதற்கு வெளியே உள்ளவருக்கு எழுதினால் அது செல்லாது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது உங்கள் சம்பளத்தை நம்பி அம்மா இருந்ததால், அப்போதே உங்களுக்குக் குடும்பம் இருந்தது. ஆகவே, அன்றைக்கும் தம்பிக்கு எழுதியிருக்க முடியாது, இன்றைக்கும் முடியாது. மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் என்று யாருமே இல்லாத ஒருவர்தான் தம்பி, தங்கை, மாமா என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதுவும் அவருக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும்தான்.

தம்பிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால், அம்மாவின் பங்கைக் கொஞ்சம் கூட்டி எழுதலாம், அவர் பார்த்துக்கொள்வார். பி.எஃப்-பில் தம்பி பெயரை நேரடியாகச் சேர்க்கப் பார்த்தால், அந்தப் பங்குக்கு நாமினியே இல்லாத நிலைதான் உண்டாகும்.

இன்றைய நிலையில் பணம் யாருக்குப் போகும்?

செல்லுபடியாகும் நாமினேஷன் இல்லாவிட்டால், பணம் குடும்பத்தினருக்குச் சம பங்காகப் போகும் என்கிறது அதே திட்டத்தின் 70-வது பத்தி. உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 14,000 ரூபாய், பி.எஃப் கணக்கில் 2,40,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதோடு இன்னொரு தொகையும் உண்டு. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால், இ.டி.எல்.ஐ என்ற காப்பீட்டுப் பணம் வரும். இதற்காக உங்கள் சம்பளத்தில் பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தைப் போல 35 மடங்கு, அதோடு அந்த 12 மாதங்களில் பி.எஃப் கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதி. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் காப்பீட்டுத் தொகை. சம்பளத்தை 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். இருப்பில் பாதி என்பது 1,75,000 ரூபாயைத் தாண்டாது. மொத்தத் தொகை 7 லட்சத்தைத் தாண்டாது. உங்களுக்கு 14,000 பெருக்கல் 35, அதாவது 4,90,000 ரூபாய். சராசரி இருப்பு 2,20,000 என்றால் அதில் பாதி 1,10,000. ஆக, காப்பீடு 6,00,000 ரூபாய். பி.எஃப் இருப்பு 2,40,000 சேர்த்தால் 8,40,000 ரூபாய்.

பி.எஃப்-புக்கு நீங்கள் எழுதும் நாமினேஷன்தான் இந்தக் காப்பீட்டுக்கும். தனியாக எழுத வேண்டியதில்லை. 'கணக்கில் இருப்பதே கொஞ்சம், அதற்குப் போய் எதற்கு நாமினி?' என்று அலட்சியமாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நீங்கள் பங்கு பிரிப்பது 2,40,000 ரூபாயை அல்ல, 8,40,000 ரூபாயை.

நாமினேஷன் இல்லாத இன்றைய நிலையில், இந்த 8,40,000 ரூபாய் மனைவி, மகள், அம்மா மூவருக்கும் ஆளுக்கு 2,80,000 ரூபாயாகப் போகும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு என்றால், நால்வருக்கும் ஆளுக்கு 2,10,000. சட்டம் போடும் இந்தக் கணக்கு உங்களுக்குச் சரி என்று பட்டாலும், அதை நம்பி இருக்க வேண்டாம். நாமினேஷன் இல்லாத குடும்பத்தார், குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் சார்ந்து வாழ்ந்தவர் என்பதற்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் உள்ளிட்ட காகிதங்களோடு அலைய வேண்டியிருக்கும். அம்மாவுக்கும் மருமகளுக்கும் மனக்கசப்பு இருந்தால், அந்த அலைச்சல் இன்னும் நீளும்.

பென்ஷனுக்குப் பங்கு கிடையாது

பங்கு பிரிப்பதற்கு முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளி கட்டும் தொகையில் ஒரு பகுதி பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. நீங்கள் எழுதும் சதவிகிதம் எதுவும் அந்தப் பென்ஷனைக் கட்டுப்படுத்தாது. மாதப் பென்ஷன் மனைவிக்குப் போகும். குறைந்தது மாதம் 1,000 ரூபாய். கூடவே இரண்டு பிள்ளைகளுக்கு, அவர்களுக்கு 25 வயது ஆகும் வரை, தனித்தனியாகப் பிள்ளைப் பென்ஷன் உண்டு. ஒரு பிள்ளைக்குக் குறைந்தது மாதம் 250 ரூபாய். மனைவியோ பிள்ளையோ இருக்கும்போது அம்மாவுக்கு இந்தப் பென்ஷனில் எதுவும் இல்லை.

இதை மனதில் வைத்துப் பார்த்தால், பங்கு எப்படிப் போடலாம் என்பது கொஞ்சம் பிடிபடும். மனைவி, பிள்ளைகளுக்குச் சிறிதாக இருந்தாலும் மாத வரவு உண்டு. அம்மாவுக்கு நீங்கள் எழுதுவது மட்டும்தான். அதனால், அம்மாவின் பெயரை விட்டுவிடாதீர்கள். யாருக்கு எத்தனை சதவிகிதம் என்பது முழுக்க உங்கள் விருப்பம். சமமாகப் பிரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

பிறக்கப்போகும் குழந்தைக்கு...

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கல்யாணம் பழைய நாமினேஷனை அழிப்பதைப் போல, குழந்தை பிறப்பு அழிக்காது. குழந்தையின் பெயரைத் தானாகச் சேர்க்கவும் செய்யாது.

நீங்கள் இன்றைக்கு மனைவிக்கு 50, மகளுக்கு 25, அம்மாவுக்கு 25 என்று எழுதுகிறீர்கள். மூன்று மாதத்தில் மகன் பிறக்கிறான். நீங்கள் எதையும் மாற்றவில்லை. நாமினேஷன் அப்படியே செல்லும். மனைவிக்கு 4,20,000, மகளுக்கு 2,10,000, அம்மாவுக்கு 2,10,000. மகன் பெயரில் ஒரு ரூபாயும் வராது. நாமினேஷனே இல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு 2,10,000 கிடைத்திருக்கும். அதாவது, பாதியில் விட்ட நாமினேஷன், எழுதாமல் விட்டதைவிடப் பின்னால் பிறந்த பிள்ளைக்குப் பாதகமாகிவிடும்.

பிறக்காத குழந்தைக்குப் பங்கு எழுத முடியாது. ஆகவே, உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பிள்ளைகள் பெயரிலும் பங்கு எழுதுவது. இப்போது மேலே சொன்னபடி எழுதிவிட்டு, குழந்தை பிறந்ததும் மனைவிக்கு 40, மகளுக்கு 20, மகனுக்கு 20, அம்மாவுக்கு 20 என்று மாற்றலாம். 8,40,000 ரூபாயில் மனைவிக்கு 3,36,000. மற்ற மூவருக்கும் ஆளுக்கு 1,68,000. பிள்ளைகளின் பங்கு அவர்கள் பெயரிலேயே இருக்கும் என்பது இதில் உள்ள நன்மை. 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பங்கு எழுதும்போது, குடும்பத்தில் பெரியவர் ஒருவரைக் காப்பாளராகக் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அது உங்கள் மனைவியாகவே இருக்கலாம்.

இரண்டாவது வழி, பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும் வரை பங்கை மனைவிக்கும் அம்மாவுக்கும் மட்டும் எழுதுவது. மனைவிக்கு 75, அம்மாவுக்கு 25 என்றால், மனைவிக்கு 6,30,000 ரூபாய் வரும். பிள்ளைகளின் செலவையும் அவர் பார்த்துக்கொள்வார். இன்னொரு குழந்தை பிறந்தாலும் பங்கை மாற்ற வேண்டிய அவசரம் இருக்காது. குடும்ப விவரத்தில் குழந்தையின் பெயரைச் சேர்த்தால் போதும். பிள்ளைப் பென்ஷனுக்கு அது உதவும். ஆனால், பிள்ளைகளுக்கென்று சட்டப்படி தனிப் பங்கு எதுவும் இதில் இருக்காது. பிரசவத்துக்கு இன்னும் சில மாதங்களே இருப்பதால், உங்களுக்கு நாம் சொல்வது இதுதான்: இந்த வாரமே இரண்டாவது வழியில் எழுதிவிடுங்கள். குழந்தை பிறந்து, அதற்கு ஆதார் எடுத்த பிறகு, விரும்பினால் முதல் வழிக்கு மாறிக்கொள்ளுங்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கைரேகை எல்லாம் எடுக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழையும், அம்மா அல்லது அப்பாவின் ஆதாரையும் கொண்டுபோனால் போதும்.

கேள்வி: "திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு அம்மாவை 100 சதவிகித நாமினியாகப் போட்டிருந்தேன். போன தை மாதம் கல்யாணம் ஆனது. என் வருமானத்தில்தான் அம்மா இருக்கிறார். கணவருக்கும் சம்மதம்தான். அம்மாவே நாமினியாகத் தொடரலாமா?"

தொடரலாம், ஆனால் பழைய நாமினேஷனை வைத்துத் தொடர முடியாது. உங்கள் கல்யாணத்தோடு அது செல்லாததாகிவிட்டது. அதே அம்மாவுக்கு, அதே 100 சதவிகிதத்தை, கல்யாணத்துக்குப் பிந்தைய தேதியில் மறுபடியும் எழுத வேண்டும். அப்படி எழுதாமல் விட்டால், நாமினேஷன் இல்லாத கணக்காகக் கருதி, கணவருக்கும் அம்மாவுக்கும் பாதிப் பாதியாகப் போகும்.

பெண் உறுப்பினருக்குக் குடும்பம் என்பதில் கணவர், பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோருடன் கணவரைச் சார்ந்து வாழும் மாமனார், மாமியாரும் உண்டு. இவர்களில் ஒருவருக்கே முழுவதையும் எழுதலாம்; பலருக்குப் பிரித்தும் எழுதலாம். அம்மாவுக்கு 100 எழுதினாலும், பென்ஷன் கணவருக்குத்தான் போகும் என்பதால் அவர் முழுதாக விடுபட்டுப்போகவும் மாட்டார். பின்னால் குழந்தை பிறந்தால், இந்த 100 அப்படியே அம்மாவிடம்தான் இருக்கும். அப்போது மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

கேள்வி: "விழுப்புரம் மாவட்டத்தில் சர்க்கரை ஆலையில் வேலை. 54 வயது. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது மனைவிக்கு 60, மகளுக்கு 40 என்று எழுதினேன். மகனுக்கு நிலம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். போன வருடம் மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டோம். இனி அவள் பங்கு செல்லாது என்கிறார்கள். உண்மையா? என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்."

உண்மை இல்லை. நாமினேஷனை அழிப்பது உறுப்பினரின் கல்யாணம் மட்டும்தான். பிள்ளைகளின் கல்யாணம் அல்ல. கல்யாணம் ஆன மகளும் பி.எஃப் சட்டப்படி உங்கள் குடும்பம்தான். நீங்கள் எழுதிய 40 சதவிகிதம் அவருக்கு அப்படியே இருக்கிறது.

ஆனால், ஊரில் அப்படிச் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. நாமினேஷன் இல்லாதபோது செய்யும் சம பங்கில், 18 வயது நிரம்பிய மகனுக்கும், கணவர் உயிரோடு இருக்கும் மணமான மகளுக்கும் பங்கு கிடையாது. குடும்பத்தில் வேறு யாருமே இல்லாவிட்டால்தான் அவர்களுக்குக் கிடைக்கும். நீங்கள் எதுவுமே எழுதாமல் இருந்திருந்தால், உங்கள் பணம் மனைவிக்கும் அம்மாவுக்கும் பாதிப் பாதி. மகனுக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லை. ஆகவே, வளர்ந்த பிள்ளைகளுக்குப் பங்கு போக வேண்டுமென்றால், எழுதி வைப்பது ஒன்றே வழி.

உங்கள் நாமினேஷனில் வேறொரு ஓட்டை இருக்கிறது. நாமினி உறுப்பினருக்கு முன்பே இறந்துவிட்டால், அவருடைய பங்கு மீதமுள்ள நாமினிக்குப் போய்ச் சேராது. அது உறுப்பினருக்கே திரும்பும். அவர் அந்தப் பங்குக்கு வேறொருவரை எழுத வேண்டும். எழுதாவிட்டால், அந்தப் பங்குக்கு மட்டும் நாமினேஷன் இல்லை என்று பொருள். உங்கள் மனைவி உங்களுக்கு முன் காலமாகி, நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளின் 40 அவருக்குப் போகும். மனைவியின் 60-ஐ மகனும் மகளும் பகிர்ந்துகொள்ள முடியாது. உங்களைச் சார்ந்து வாழும் அம்மாவுக்கே அது முழுவதும் போகும். வயதான அம்மாவுக்குப் போவது தவறில்லை. ஆனால், அது நீங்கள் நினைத்துச் செய்த பங்கீடாக இருக்க வேண்டும்.

கணக்கு எழுதிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மகன், மகள் இருவருக்கும் வயது வந்துவிட்டது. மகளுக்குக் காட்டிய காப்பாளரும் இனித் தேவையில்லை. மனைவி, மகள், அம்மா, மகன் நால்வரையும் மனதில் வைத்து இப்போது ஒருமுறை புதிதாக எழுதிவிடுங்கள். ஓய்வு பெற்று, பணத்தைக் கையில் வாங்கும் வரை நாமினேஷன் வேலை செய்துகொண்டே இருக்கும்.

மாற்றி எழுதுவது எப்படி?

இரண்டு விதமாக எழுதலாம். காகிதத்தில் என்றால் படிவம் 2. அதை நிரப்பி நிறுவனத்தின் மூலம் பி.எஃப் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட தேதியில் இது அமலுக்கு வராது, பி.எஃப் ஆணையர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதியில்தான் வரும். மில் அலுவலக மேசை டிராயரில் கிடக்கும் படிவம், எழுதாத படிவத்துக்குச் சமம். அதனால், ஒரு நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இணையத்தில் செய்வது இதைவிட எளிது. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. உங்கள் யு.ஏ.என் எண் செயல்பாட்டில் இருக்க வேண்டும். ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் இருக்கும் கைபேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள், முதலில் ஆதார் மையத்தில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் படியில் ஓ.டி.பி வராமல் நின்றுவிடும். நாமினிகளின் ஆதார் எண், பிறந்த தேதி, புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

unifiedportal-mem.epfindia.gov.in என்ற தளத்தில் யு.ஏ.என் எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போங்கள். Manage என்ற தலைப்பின் கீழ் E-Nomination இருக்கும். குடும்பம் இருக்கிறதா என்று கேட்கும். Yes கொடுத்து, ஒவ்வொருவர் விவரத்தையும் சேர்க்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் தகராறு. ரேஷன் கார்டில் முன்னால், ஆதாரில் பின்னால் என்று இருக்கும். இங்கே ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி மாறாமல் பெயரை அடியுங்கள். பங்கு கொடுக்காதவர்களையும் குடும்ப விவரத்தில் சேருங்கள். மனைவி, பிள்ளைகளின் பென்ஷனுக்கு இந்தப் பட்டியல் தேவைப்படும்.

அடுத்து EPF Nomination பகுதி. யார் யாருக்குப் பங்கு என்று குறித்து, சதவிகிதத்தை நிரப்புங்கள். மொத்தம் 100 வர வேண்டும். மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க 33, 33, 33 என்று போட்டால் 99-தான் வரும். ஒருவருக்கு 34 போட்டு நேர்செய்யுங்கள். காகிதப் படிவத்தில் இப்படி ஒரு சதவிகிதம் விடுபட்டால், அது நாமினேஷன் இல்லாத பங்காகிவிடும்.

சேமித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துப் பலர் வெளியே வந்துவிடுகிறார்கள். முடியவில்லை. e-Sign என்ற கடைசிப் படி இருக்கிறது. ஆதாரை வைத்து ஓ.டி.பி பெற்று, அதைப் பதிந்தால்தான் நாமினேஷன் பதிவாகும். அதுவரை அது வெறும் வரைவுதான். முடித்த பிறகு, மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் நாமினேஷன் 'நிலுவை' என்ற இடத்தில் நின்றால் கையெழுத்து ஆகவில்லை என்று அர்த்தம். கையெழுத்தான நாமினேஷனைப் பதிவிறக்கி, ஒரு பிரின்ட் எடுத்து வீட்டில் பத்திரப் பெட்டியில் வையுங்கள். யு.ஏ.என் எண்ணையும் அதன்மேல் எழுதி வையுங்கள். பணம் கேட்டு விண்ணப்பிக்கப் போவது நீங்கள் அல்ல, உங்கள் வீட்டார்.

பின்னால் மாற்றும்போது, புதிதாக வந்தவரின் பெயரை மட்டும் சேர்த்தால் போதாது. எல்லோருடைய பெயரையும், எல்லோருடைய சதவிகிதத்தையும் மறுபடி முழுதாக எழுதி, மறுபடி ஓ.டி.பி பதிய வேண்டும். புதியது பதிவானதும் பழையது விலகிவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

எப்போதெல்லாம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உங்களுக்குக் கல்யாணம் ஆனால், கட்டாயம். அன்றோடு பழையது செல்லாது. குழந்தை பிறந்தால், எழுதினால்தான் பங்கு. நாமினிகளில் ஒருவர் காலமானால், அந்தப் பங்கு ஆளில்லாமல் நிற்கும். மகனுக்கு 18 வயது ஆனாலோ, மகளுக்குக் கல்யாணம் ஆனாலோ நாமினேஷன் கெடாது. ஆனால், எழுதாமல் விட்டவர்களுக்கு அதற்குப் பிறகு சட்டம் கொடுக்கும் பங்கும் கை நழுவிவிடும்.

பி.எஃப், கூட்டுறவுக் கடன், காப்பீடு, பத்திரம் தொடர்பான உங்கள் சந்தேகங்களை, குடும்ப விவரத்தோடு தெளிவாக எழுதி அனுப்புங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். யு.ஏ.என் எண், ஆதார் எண், ஓ.டி.பி ஆகியவற்றை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டாம்.